உடம்பு முழுக்க அரை ஸ்பூன் சர்க்கரை

எங்கள் பள்ளியில் திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் பத்து நிமிடம் பேச வேண்டும். போன வாரம் என் முறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதில் சுவரை ஒட்டி நடந்தபோது காலி பாட்டில்கள் காலில் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தன. சரி, இதைப் பற்றியே பேசிவிடலாம் என்று மூன்று பாட்டில்களைப் பொறுக்கி எடுத்து வந்தேன். அறிவியல் ஆய்வகத்திலிருந்து தராசு, வீட்டிலிருந்து அரைக் கிலோ சர்க்கரை, ஒரு டீஸ்பூன். தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், செய்தி எல்லாம் முடிந்து என்னைக் கூப்பிட்டபோது வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பேசியதையும், நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பிள்ளைகளே, இந்தப் பாட்டிலைப் பாருங்கள். என் சின்ன வயதில் இதைக் 'கலர்' என்போம், நீங்கள் கூல்டிரிங்ஸ் என்கிறீர்கள். 250 மில்லி. இதன் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும். அதில் 'டோட்டல் சுகர்ஸ்' என்று ஒரு வரி. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். "10.6 கிராம், டீச்சர்" என்றாள். அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்று கூட்டமே தலையாட்டியது.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். அட்டவணையின் தலைப்பில் '100 மில்லிக்கு' என்று இருக்கிறது. பாட்டிலில் இருப்பது அதைப்போல் இரண்டரை மடங்கு. 10.6-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 26.5 கிராம். அந்தப் பெண்ணையே தராசில் நிறுக்கச் சொன்னேன். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம். ஒன்று, இரண்டு என்று கூட்டம் எண்ண ஆரம்பித்தது. நாலாவது ஸ்பூனில் சிரிப்பு வந்தது, ஆறாவதில் அடங்கிவிட்டது. ஆறரை ஸ்பூன். கோலா வகைகளில் 100 மில்லிக்கு பத்து, பதினொரு கிராம் என்பது சாதாரணம். 600 மில்லி பாட்டில் என்றால் ஏறக்குறைய 16 ஸ்பூன்.

மாம்பழ பானம் குடிக்கிறவர்கள் அதற்குள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். அதில் சர்க்கரை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். 100 மில்லிக்கு 13, 14 கிராம் என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். முன்பக்கம் பெரிய மாம்பழப் படம், பின்பக்கம் பார்த்தால் பழக்கூழ் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது.

வீட்டில் அம்மா ஒரு டம்ளர் டீயில் ஆறரை ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் குடிப்பீர்களா? முதல் வாயிலேயே துப்பிவிடுவீர்கள். பாட்டிலில் அதே அளவு இருந்தும் ஏன் திகட்டவில்லை? மூன்று காரணம். சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். உள்ளே சேர்த்திருக்கும் அமிலத்தின் புளிப்பு இனிப்பை மறைக்கும். வாயு சுருக்கென்று குத்துவதில் மிச்சமும் மறந்துபோகும். நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு பாட்டிலைத் திறந்து வெயிலில் வைத்துவிட்டு சாயங்காலம் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். வாயுவும் குளிர்ச்சியும் போன பிறகு மிஞ்சுவது பாகுதான்.

இந்த ஆறரை ஸ்பூன் அதிகமா, குறைவா என்று எப்படிச் சொல்வது? உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது இது: தனியாகச் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வருகிற சக்தி, நாள் முழுக்கச் சாப்பிடும் சக்தியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இருபதில் ஒரு பங்குக்குள் நின்றால் இன்னும் நல்லது. அமெரிக்க இதய சங்கம் பிள்ளைகளுக்கென்றே சொல்லும் அளவு இன்னும் எளிது, நாளுக்கு 25 கிராமுக்குள். காலை டீ, மிட்டாய், பிஸ்கட், பிறந்தநாள் கேக் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இந்த ஒரு பாட்டிலே 26.5.

இந்த எண்ணைவிட இன்னொரு கணக்கு எனக்குப் பிடிக்கும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் 30 கிலோ இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 75 மில்லி ரத்தம். அவன் உடம்பில் இரண்டேகால் லிட்டர் ஓடுகிறது. சாப்பிடாமல் இருக்கும்போது 100 மில்லி ரத்தத்தில் 90 மில்லிகிராம் அளவுக்கு குளுக்கோஸ் இருக்கும். பெருக்கிப் பாருங்கள். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அவன் ரத்தம் முழுவதிலும் ஓடும் சர்க்கரை இரண்டே கிராம்தான். அதாவது அரை ஸ்பூன்.

அந்த அரை ஸ்பூனை உடம்பு கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறது. கூடினால் கணையம் இன்சுலினை அனுப்பி, தசைக்கும் கல்லீரலுக்கும் இழுத்துவிடும். குறைந்தால் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். சோறும் பருப்பும் சாப்பிட்டால் மாவுச்சத்து உடைந்து மெல்ல மெல்ல வரும், கணையம் நிதானமாக வேலை பார்க்கும். பாட்டிலைத் திறந்து மூன்று நிமிடத்தில் குடித்தால், மெல்லவும் வேண்டாம், அரைக்கவும் வேண்டாம், நார்ச்சத்து என்ற தடுப்பும் கிடையாது. அரை ஸ்பூனைக் காக்கிற வீட்டு வாசலில் ஆறரை ஸ்பூன் வந்து நிற்கிறது. ஆரோக்கியமான பிள்ளையின் உடம்பு இதைச் சமாளித்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தினமும் சமாளிக்கச் சொல்கிறோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "கலர் குடிச்சா சுகர் வந்துடும்" என்று சிலர் ஒரேயடியாகச் சொல்வார்கள். ஒரு பாட்டிலால் யாருக்கும் நீரிழிவு வந்துவிடாது. பிள்ளைகளுக்கு அதிகம் வருகிற முதல் வகை நீரிழிவுக்கும் இனிப்பு சாப்பிட்டதற்கும் சம்பந்தமே இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தவறுதலாக கணையத்தின் இன்சுலின் செல்களை அழிப்பதால் வருவது அது. உங்கள் வகுப்பில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை இருந்தால், "நீ நெறைய சாக்லேட் சாப்பிட்டிருப்பே" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால், இதே இனிப்பு பானம் அரை டம்ளர் அவசர மருந்தாகக்கூட வேலை செய்யும். பெரியவர்களுக்கு வருகிற இரண்டாம் வகையில்தான் பல வருடம் தொடர்ந்து குடிப்பதற்குப் பங்கு இருக்கிறது.

நாம் போடும் சர்க்கரை இரண்டு துண்டு சேர்ந்தது. பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பின் எல்லா செல்லும் எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். ஃபிரக்டோஸின் கதை வேறு. வெள்ளமாக வந்தால் அதில் பெரும்பகுதி கல்லீரலுக்குத்தான் போகும். அங்கே தேவைக்கு மிஞ்சியது கொழுப்பாக மாறும். குண்டாக இருக்கிற பிள்ளைகள் சிலருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிவது இதனால்தான் மோசமாகிறதா என்று அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். 2019-இல் வெளியானது. ஏற்கெனவே கல்லீரல் கொழுப்பு இருந்த 11 முதல் 16 வயது வரையிலான 40 பையன்கள். பாதிப் பேருக்கு எட்டு வாரம் சேர்த்த சர்க்கரை ஏறக்குறைய இல்லாத சாப்பாடு, மீதிப் பேருக்கு வழக்கமான சாப்பாடு. சர்க்கரை குறைத்தவர்களுக்குக் கல்லீரலில் இருந்த கொழுப்பு சராசரியாக 25 சதவீதத்திலிருந்து 17-க்கு இறங்கியது. மற்றவர்களுக்கு 21 இருந்தது 20 ஆனது, அவ்வளவுதான். சின்னக் கூட்டம், குறுகிய காலம் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் எட்டே வாரத்தில் இவ்வளவு இறங்கும் என்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

பழத்திலும் ஃபிரக்டோஸ் இருக்கிறதே என்று ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் முணுமுணுத்தான். நல்ல கேள்வி. ஒரு கொய்யாவைக் கடித்துத் தின்ன எவ்வளவு நேரம் ஆகிறது என்று நினைத்துப் பார். நாலு கொய்யா தொடர்ச்சியாகத் தின்ன முடியுமா? தாடை வலித்து, வயிறு போதும் என்று சொல்லிவிடும். பானத்தில் அந்தப் 'போதும்' வருவதில்லை.

அந்தப் 'போதும்' பற்றி 2000-இல் ஒரு சோதனை வெளியானது. 15 பெரியவர்களுக்கு நாள்தோறும் 450 கலோரி சர்க்கரையை நாலு வாரம் ஜெல்லி மிட்டாயாகக் கொடுத்தார்கள், வேறு நாலு வாரம் சோடாவாகக் கொடுத்தார்கள். மிட்டாய் தின்ற நாட்களில் தங்களுக்கே தெரியாமல் மற்ற சாப்பாட்டை அந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டார்கள். சோடா குடித்த நாட்களில் குறைக்கவே இல்லை, வழக்கம்போல் சாப்பிட்டார்கள். குடித்ததை வயிறு சாப்பாட்டுக் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை.

சரி, பெரியவர்கள் அப்படி. வளர்கிற பிள்ளைகளுக்கு? இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சுத்தமான சோதனை நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாம் பக்கத்துப் பள்ளிகளில் நடந்தது. முடிவு 2012-இல் வந்தது. சுமார் ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் 641 பிள்ளைகள், பெரும்பாலும் சரியான எடையில் இருந்தவர்கள், ஏற்கெனவே இனிப்பு பானம் குடிக்கிற பழக்கம் உள்ளவர்கள். எல்லோருக்கும் தினம் ஒரு 250 மில்லி டப்பா. பாதிப் பேருடைய டப்பாவில் 26 கிராம் சர்க்கரை, நாம் இங்கே நிறுத்திருக்கிறோமே, கிட்டத்தட்ட அதே அளவு. மீதிப் பேருடைய டப்பாவில் சர்க்கரை இல்லாத செயற்கை இனிப்பு. டப்பாவும் ருசியும் ஒன்றுபோல. யாருக்கு எது போகிறது என்பது பிள்ளைகளுக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது.

பதினெட்டு மாதம் கழித்து எடை பார்த்தார்கள். வளர்கிற வயது, எல்லோருக்கும் எடை கூடத்தான் செய்யும். சர்க்கரை இல்லாத பிள்ளைகளுக்குச் சராசரியாக 6.35 கிலோ கூடியிருந்தது. சர்க்கரை குடித்தவர்களுக்கு 7.37 கிலோ. ஒரு கிலோ வித்தியாசம், அதில் கொழுப்புக்கும் பங்கு இருந்தது. நாலில் ஒரு பங்குப் பிள்ளைகள் நடுவிலேயே குடிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்தாம் வகுப்பு கணக்குப் புலிகளுக்கு ஒரு வேலை. ஒரு டப்பாவில் 104 கலோரி. சுமார் 540 நாள். 56 ஆயிரம் கலோரி வருகிறது. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்று போட்டால் ஏழு கிலோ கூடியிருக்க வேண்டும். ஆனால் வித்தியாசம் ஒரு கிலோதான். மிச்சம் எங்கே போனது? உடம்பு ஓரளவு சரிசெய்துகொள்கிறது. ஒரு வாய் குறைவாகச் சாப்பிடுகிறது, வளர்ந்த உடம்பு கூடுதலாகச் செலவழிக்கிறது. முழுதாகச் சரிசெய்ய முடியவில்லை என்பதுதான் அந்த ஒரு கிலோ. 'ஒரு பாட்டில் குடித்தால் இத்தனை கிராம் கொழுப்பு ஏறும்' என்று பரவும் படங்களை நம்பாதீர்கள், உடம்பு அப்படி நேர்க்கணக்கில் நடப்பதில்லை.

எடை ஏறாத ஒல்லிப் பிள்ளைகள் பின்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகவே பல்லை மிச்சம் வைத்திருந்தேன்.

பல் விஷயத்தில் குண்டு, ஒல்லி எல்லாம் ஒன்றுதான். பல்லின் வெளிப்பூச்சான எனாமல் உடம்பிலேயே கெட்டியான பொருள், ஆனால் அமிலத்துக்கு முன் கரையும். அமிலத்தை அளக்கும் பி.எச். எண் சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலின் தாதுக்கள் கரைய ஆரம்பிக்கும். கோலாவின் பி.எச். சுமார் இரண்டரை. இது நேரடி அடி. இன்னொன்று மறைமுக அடி. பல்லில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று தாங்களே அமிலம் விடும். ஒரு வாய் இனிப்பு உள்ளே போன சில நிமிடத்தில் பி.எச். சரியும், எச்சில் அதைக் கழுவி மேலே கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகுதான் எச்சிலில் உள்ள கால்சியம் பல்லுக்குத் திரும்பும்.

இப்போது பாருங்கள். ஒருவன் சாப்பாட்டோடு ஒரே மூச்சில் குடித்து முடிக்கிறான். அவன் பல்லுக்கு ஒரு அடி. இன்னொருத்தி அதே பாட்டிலை மதிய இடைவேளையில் திறந்து, பையில் வைத்து, கடைசி மணி அடிக்கும்வரை கால் மணிக்கு ஒரு வாயாக உறிஞ்சுகிறாள். எச்சில் மேலே ஏற்றுவதற்குள் அடுத்த வாய். மதியம் முழுக்க அவள் பல் அமிலத்திலேயே ஊறுகிறது. சர்க்கரை அளவு இரண்டு பேருக்கும் ஒன்றுதான், பல்லுக்குக் கெடுதல் ஒன்றல்ல. சிக்கனமாகக் குடிப்பதுதான் இங்கே அதிக நஷ்டம்.

உங்கள் வயதுக்கு இது இன்னும் முக்கியம். ஆறு வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் வரும், பன்னிரண்டு வாக்கில் அடுத்தது. புதிதாக முளைத்த பல்லின் எனாமல் முழுதாக இறுகியிருக்காது, எச்சிலிலிருந்து தாதுக்களை வாங்கி இறுக ஒன்றிரண்டு வருடமாவது ஆகும். அந்த நேரத்தில்தான் கையில் காசும் பாட்டிலும் வருகிறது. கண்ணாடியில் பாருங்கள். ஈறு ஓரமாகச் சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது தாது கரைந்ததன் முதல் அடையாளமாக இருக்கலாம். அந்தக் கட்டத்தில் ஃபுளோரைடு பேஸ்ட்டும் இடைவெளியும் கொடுத்தால் திரும்பிவிட வாய்ப்பு உண்டு. குழி விழுந்த பிறகு தானாகத் திரும்பாது. குடித்துவிட்டால் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். உடனே பிரஷ் செய்யாதீர்கள், அமிலத்தில் இளகிய எனாமலைத் தேய்த்துவிடுவீர்கள். அரை மணியாவது போகட்டும்.

இதற்குள் தலைமை ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். ஓ.ஆர்.எஸ். பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னேன். வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் அந்த உப்புச் சர்க்கரைக் கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், அதோடு அளந்த உப்புகள். ஒரு லிட்டர் கோலாவில் 100 கிராமுக்கு மேல் சர்க்கரை. வயிறு போகும்போது அதைக் குடித்தால் குடல் தண்ணீரை உறிஞ்சி உடம்புக்குக் கொடுப்பதற்குப் பதில், உடம்பிலிருந்து தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும், போக்கு அதிகமாகும். இனிப்பு பானங்களின் பெயரில் அந்த மூன்று எழுத்தைப் போடக் கூடாது என்று 2025-இல்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கறாராகச் சொன்னது. வீட்டில் பழைய சரக்கு இருக்கலாம், பெயரைப் பார்த்து ஏமாறாமல் அட்டவணையைப் பாருங்கள்.

கூட்டம் கலைந்த பிறகுதான் உருப்படியான கேள்விகள் வந்தன. "கரும்புச்சாறு குடிக்கலாமா டீச்சர்?" சர்க்கரை அதிலும் கோலா அளவுக்குக் குறையாமல் இருக்கும், கரும்பைக் கடித்துத் தின்றால் நேரம் ஆகும், பல்லுக்கும் வேலை. "டயட் பாட்டில்?" சர்க்கரை இல்லை, ஆனால் அமிலம் அப்படியே இருக்கிறது, பல்லுக்கு விடுதலை இல்லை. எடை குறைக்க அதை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. "திருவிழாவுக்கு மட்டும்?" குடி கண்ணு, சாப்பாட்டோடு குடி, வாயைக் கொப்பளி.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கடைசிவரை நின்றாள். "எங்களுக்கு கலர்லாம் வேணாம் டீச்சர். மத்தியானம் தொட்டித் தண்ணி வெந்நீர் மாதிரி கொதிக்குது, அதான் கடைக்குப் போறோம்" என்றாள். மொட்டைமாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, நாள் முழுக்க வெயில். இவ்வளவு கணக்கு போட்ட எனக்கு இது தோன்றவே இல்லை. அன்றே தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். வராந்தா நிழலில் மணல் பரப்பி இரண்டு மண்பானை வைத்தாயிற்று. வியாழக்கிழமைக்குள் ஒன்றின் மூடி உடைந்துவிட்டது, இப்போதைக்குச் சத்துணவுக் கூடத்துத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.